ராயல்டிக்கு இன்றைக்கு என்ன விலை?

கேள்வி: ஈரோடு மாவட்டத்தில் நாலு ஏக்கரில் மஞ்சள் வைத்திருக்கிறேன். பவர் டில்லரின் பின்னால் மாட்டி மஞ்சள் வெட்டுவதற்கு ஒரு கருவி செய்தேன். கொழு கிழங்கைக் கிளப்பிவிடும். அதன் பின்னால் ஆடும் கம்பிகள் மண்ணை உதிர்த்துவிடும். இதற்கு 2013 ஜூன் 12 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பித்தேன், 2019-ல் கிடைத்தது. 2022-ல் கோயம்புத்தூர் பக்கம் ஒரு கம்பெனிக்கு உரிமம் கொடுத்தேன். விற்பனையில் 4 சதவீதம் ராயல்டி தருகிறார்கள். முதல் வருடம் 180 கருவி விற்றது, அடுத்த வருடம் 240, போன வருடம் 260. இப்போது, "வருடா வருடம் கணக்குப் பார்ப்பது எதற்கு, மொத்தமாக 8 லட்சம் தருகிறோம், எழுதிக் கொடுத்துவிடுங்கள்" என்கிறார்கள். 3 லட்சம் இப்போது, மீதி இரண்டு வருடத்தில் இரண்டரை இரண்டரையாக. போர் போட்டதில் தண்ணீர் வராமல் 4 லட்சம் கடன் ஆகிவிட்டது, இரண்டு ரூபாய் வட்டி. அதனால் மனம் தடுமாறுகிறது. என் மகன், "2039 வரை உரிமை இருக்கிறது, வருடம் 2,60,000 என்றால் 36 லட்சம் வரும், கொடுக்காதீர்கள்" என்கிறான். என்ன செய்யலாம்?

பதில்: புளிய மரத்தையோ மாந்தோப்பையோ குத்தகைக்குப் பேசும்போது நாம் என்ன செய்வோம்? இத்தனை வருடம் குத்தகை, வருடத்துக்கு இவ்வளவு காய்ப்பு, ஒரு வருடம் காய்த்தால் மறு வருடம் குறையும், பணம் முன்னால் கொடுப்பதால் இவ்வளவு கழிவு என்று மனக்கணக்குப் போட்டுத்தான் ஒரு தொகை சொல்வோம். உங்கள் காப்புரிமையும் அப்படி ஒரு தோப்புதான். ஒரே வித்தியாசம், குத்தகை முடிந்தால் தோப்பு சொந்தக்காரருக்கே திரும்பும். காப்புரிமைக் காலம் முடிந்தால் வேலியே இருக்காது. யார் வேண்டுமானாலும் உள்ளே போய்ப் பறித்துக்கொள்ளலாம். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது வேலி எந்தத் தேதி வரை நிற்கும் என்பதை.

இங்கேதான் உங்கள் மகன் கணக்கில் பெரிய இடி விழுகிறது. நம் நாட்டுக் காப்புரிமைச் சட்டம் 1970, பிரிவு 53-ன்படி காப்புரிமையின் ஆயுள் 20 ஆண்டு. அந்த 20 ஆண்டு காப்புரிமை கையில் கிடைத்த நாளிலிருந்து ஓடுவதில்லை, விண்ணப்பம் கொடுத்த நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிடுகிறது. 2013 ஜூன் 12-ல் விண்ணப்பித்தீர்கள் என்றால் உரிமை 2033 ஜூன் 12-ல் முடிகிறது. 2039 வரை கிடையாது. சான்றிதழை எடுத்துப் பாருங்கள், எந்தத் தேதியிலிருந்து இருபது ஆண்டு என்று அதிலேயே அச்சாகியிருக்கும். அலுவலகத்தில் பரிசீலனைக்காகக் காத்திருந்த ஆறு வருடமும் ஆயுளில் கழிந்து போனதுதான். மகன் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை, படித்தவர்கள் பலரும் இதே இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

இந்த 2025 ஜூனிலிருந்து பார்த்தால் மீதி 8 வருடம். ஆனால் உங்கள் கருவிக்கு வருடத்தை விட வெட்டுப் பருவம்தான் கணக்கு. மஞ்சள் வெட்டு தை முதல் பங்குனி வரை. கருவி வாங்குகிறவர் கார்த்திகை மார்கழியில் விசாரித்து, தை மாசியில் வாங்கிவிடுவார். உரிமை ஜூனில் முடிவதால் 2033 தை மாதத்து வெட்டும் உங்கள் கணக்கிலேயே வந்துவிடுகிறது. எட்டு வெட்டு முழுதாக உண்டு. இதே உரிமை நவம்பரில் முடிவதாக இருந்திருந்தால், வருடம் என்னவோ கூடுதலாக ஐந்து மாதம் தெரியும், வெட்டு ஒன்று கூட அதிகம் கிடைக்காது. பருவத்துக்கு மட்டும் விற்கும் பொருளுக்கு மாதங்களை எண்ணாமல் பருவங்களை எண்ண வேண்டும் என்பது இதனால்தான்.

வேலி நிற்க வருடா வருடம் புதுப்பிப்புக் கட்டணமும் கட்ட வேண்டும். தனிநபர் இணைய வழியில் கட்டினால் 11-ம் ஆண்டு முதல் 15-ம் ஆண்டு வரை ஆண்டுக்கு 4,800 ரூபாய், 16 முதல் 20 வரை ஆண்டுக்கு 8,000 ரூபாய். உங்கள் 13-ம் ஆண்டுக்கான கட்டணத்தை இந்த ஜூன் 12-க்குள் கட்டியிருக்க வேண்டும். விட்டுப்போயிருந்தால் கூடுதல் கட்டணத்தோடு ஆறு மாதம் அவகாசம் உண்டு. அதையும் விட்டால் உரிமை காலாவதியாகிவிடும். பிறகு 18 மாதத்துக்குள் விண்ணப்பித்து, வேண்டுமென்றே விடவில்லை என்று காரணம் காட்டி உயிர்ப்பிக்கப் பார்க்கலாம். கம்பெனிக்காரர் பேச வருவதற்கு முன்னால் அவருடைய வக்கீல் முதலில் பார்த்திருக்கக்கூடியது இதைத்தான். நீங்களும் காப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் உங்கள் விண்ணப்ப எண்ணைப் போட்டு உரிமை நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பார்க்கத் தெரியாவிட்டால் சென்னை கிண்டியில் உள்ள அலுவலகத்தில் நேரில் கேட்கலாம்.

அடுத்து, 4 சதவீதம் எதன் மேல் என்பது. ஒப்பந்தத்தை எடுத்து "நிகர விற்பனை" என்ற சொல்லுக்கு என்ன விளக்கம் எழுதியிருக்கிறது என்று படியுங்கள். உங்கள் கடிதத்தோடு வந்த நகலில், ஜி.எஸ்.டி. நீங்கலாக கம்பெனி விற்பனையாளருக்குக் கொடுக்கும் விலை என்று இருக்கிறது. அந்த விலை 25,000 ரூபாய். ஆக ஒரு கருவிக்கு உங்களுக்கு 1,000 ரூபாய். போன வருடம் 260 கருவி, 2,60,000 ரூபாய். கணக்கு ஒத்துப்போகிறது, நல்லது.

ஆனால் இந்த இடத்தில் இரண்டு ஓட்டை வரலாம். கம்பெனி தன் சொந்த டில்லரோடு சேர்த்து 'செட்' விலையில் விற்கத் தொடங்கினால், அந்த விலையில் உங்கள் கருவிக்கு எவ்வளவு என்று அவர்களே பிரித்துப் போடுவார்கள். 25,000 ரூபாய்க் கருவி பில்லில் 14,000 ஆகிவிடும். இல்லாவிட்டால் தங்கள் குடும்பத்தார் பெயரிலேயே ஒரு விற்பனை நிறுவனம் வைத்து அதற்கு 15,000-க்கு பில் போட்டுவிட்டு, அங்கிருந்து 25,000-க்கு விற்கலாம். ஒப்பந்தத்தில் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கும் உரிமை உங்களுக்கு இருந்தால் இது தெரிந்துவிடும். அந்த உரிமை இல்லாவிட்டால், கருவியில் அடித்திருக்கும் வரிசை எண்ணைக் கவனியுங்கள். தை மாதம் உங்கள் பக்கத்தில் ஓடும் புதுக் கருவிகளில் பத்துப் பன்னிரண்டின் எண்ணைக் குறித்துக்கொண்டால், அந்த வருடம் எத்தனை வெளியே போயிருக்கும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். எண் 690-ஐத் தாண்டி ஓடிக்கொண்டிருக்க, கணக்கில் மொத்தமே 600 கருவி என்று இருந்தால் கேள்வி கேட்கலாம்.

இனி உழைப்பு அதிகம் தேவைப்படும் இடத்துக்கு வருவோம். எட்டு வெட்டிலும் எத்தனை கருவி விற்கும்? 180, 240, 260 என்று ஏறியிருப்பதைப் பார்த்துவிட்டு அடுத்து 300, 350 என்று கோடு இழுக்கக் கூடாது. முதல் வருடத்திலிருந்து இரண்டாம் வருடத்துக்கு 60 கூடியது. அடுத்த வருடம் 20-தான் கூடியது. ஏற்றம் களைத்துவிட்டது. அதற்குக் காரணமும் இருக்கிறது. விதையும் உரமும் வருடா வருடம் வாங்குவார்கள். கருவி அப்படி இல்லை. ஒரு முறை வாங்கினவர் ஏழெட்டு வருடம் திரும்ப வரமாட்டார். அதோடு ஒருவர் வாங்கினால் வாடகைக்கு ஊரில் பத்துப் பேருக்கு ஓட்டிக் கொடுப்பார், அந்தப் பத்துப் பேரும் வாங்க மாட்டார்கள். டில்லரும் வைத்துக்கொண்டு மஞ்சளும் வைக்கிற விவசாயிகள் எண்ணிக்கைக்கு ஓர் எல்லை உண்டு. இதுவரை 680 கருவி போயிருக்கிறது. நீங்கள் சொல்லும் வட்டாரத்தில் இன்னும் எத்தனை பேர் மீதி என்பது உங்களுக்குத்தான் தெரியும், அதை ஊர் ஊராக எண்ணிப் பார்க்கத் தயங்காதீர்கள்.

மஞ்சள் விலை ஆடும் ஆட்டமும் இதில் சேரும். விலை விழுந்த அடுத்த வருடம் நடவுப் பரப்பு குறையும், கருவி வாங்குவதும் தள்ளிப்போகும். வேளாண்மைப் பொறியியல் துறையின் மானியப் பட்டியலில் உங்கள் கருவி இருக்கிறதா என்பதும் முக்கியம். மானியத்தால் விற்கும் பொருள், மானியம் நின்ற வருடம் பாதியாகிவிடுவதை நான் களத்தில் பலமுறை பார்த்திருக்கிறேன். கடைசி ஓரிரு வருடத்தில் இன்னொன்றும் நடக்கும். உரிமை 2033-ல் முடிகிறது என்பது மற்ற பட்டறைகளுக்கும் தெரியும். இன்னும் ஒரு வெட்டு பொறுத்தால் இதே கருவி 18,000-க்குக் கிடைக்கும் என்று பேச்சு கிளம்பும், வாங்குகிறவர் காத்திருப்பார்.

இதையெல்லாம் வைத்து நான் போட்ட மதிப்பீடு கீழே உள்ள கட்டத்தின் இரண்டாம் பத்தியில் இருக்கிறது. விலை உயர்ந்தால் ராயல்டியும் உயரும் என்று நீங்கள் கேட்கலாம். உயரலாம். போட்டி வந்தால் தள்ளுபடியும் கூடும். இரண்டுக்கும் சரியாகட்டும் என்று 25,000-லேயே நிறுத்திவிட்டேன். மூன்றாம் பத்தி உங்களுக்கு வரும் ராயல்டி. நான்காவது பத்திதான் இந்தக் கேள்விக்கு உயிர், அதைக் கொஞ்சம் விளக்குகிறேன்.

இன்று கையில் 100 ரூபாய் இருந்து 15 சதவீத வட்டியில் போட்டால் அடுத்த வருடம் 115 ஆகும். அப்படியானால் அடுத்த வருடம் வரப்போகும் 115 ரூபாயின் இன்றைய மதிப்பு 100-தான். வருகிற தொகையை 1.15-ஆல் வகுத்தால் ஒரு வருடம் முன்னதாக என்ன மதிப்பு என்று கிடைக்கும். இரண்டு வருடம் கழித்து வருவதை இரண்டு முறை வகுக்க வேண்டும், எட்டு வருடம் கழித்து வருவதை எட்டு முறை. செல்போனில் இருக்கும் கால்குலேட்டர் போதும்.

15 சதவீதம் எங்கிருந்து வந்தது? வங்கியில் வைப்பு போட்டால் வட்டி இதில் பாதிகூடத் தேறாது. ஆனால் வங்கி போல நிச்சயமானதல்ல இந்தப் பணம். ஒரே ஒரு சிறு கம்பெனி, அது தருகிற கணக்கை நம்பித்தான் வாங்குகிறீர்கள், தாமதமும் ஆகிறது. அந்தப் பயத்துக்கு விலையாகத்தான் வட்டியைக் கூட்டிப் போடுகிறோம். ஒப்பந்தம் பலமாக, கம்பெனி நாணயமாக இருந்தால் 10 வரை இறக்கலாம். ஒருமுறைகூட நேரத்துக்குப் பணம் வரவில்லை என்றால் 20-க்கு ஏற்ற வேண்டியதுதான்.

| வெட்டு | கருவி | ராயல்டி (ரூ.) | இன்றைய மதிப்பு (ரூ.) |
|---|---|---|---|
| 2026 | 260 | 2,60,000 | 2,26,100 |
| 2027 | 270 | 2,70,000 | 2,04,200 |
| 2028 | 270 | 2,70,000 | 1,77,500 |
| 2029 | 250 | 2,50,000 | 1,42,900 |
| 2030 | 230 | 2,30,000 | 1,14,400 |
| 2031 | 210 | 2,10,000 | 90,800 |
| 2032 | 190 | 1,90,000 | 71,400 |
| 2033 | 150 | 1,50,000 | 49,000 |
| மொத்தம் | 1,830 | 18,30,000 | 10,76,300 |

வெட்டு முடிந்து கணக்குப் பார்த்து ஜூன் வாக்கில் பணம் தருகிறார்கள் என்பதால் முதல் வெட்டின் பணமே ஒரு வருடம் தள்ளித்தான் வருகிறது என்று போட்டிருக்கிறேன். மீதி ஏழு ஆண்டுக்கான புதுப்பிப்புக் கட்டணம் 49,600 ரூபாயும் உங்கள் பொறுப்பு. அதையும் இதே முறையில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் சுமார் 28,000. கழித்தால் கைக்கு நிற்பது ஏறக்குறைய 10,48,000 ரூபாய். மகன் சொன்ன 36 லட்சம் எங்கே, இது எங்கே என்று மலைக்க வேண்டாம். இல்லாத ஆறு வருடத்தைக் கழித்தோம், விற்பனை தேய்வதைப் பார்த்தோம், காத்திருப்பதற்கு வட்டி போட்டோம், அவ்வளவுதான்.

கட்டத்தை இன்னொரு முறை பாருங்கள். முதல் மூன்று வெட்டிலேயே மொத்த மதிப்பில் பாதிக்கு மேல் வந்துவிடுகிறது. 2033 வெட்டின் ஒன்றரை லட்சம் இன்றைக்கு 49,000-தான். ஆகவே கடைசி வருடத்தில் 150 விற்குமா 200 விற்குமா என்று மண்டையை உடைத்துக்கொள்வதில் பயனில்லை. அடுத்த மூன்று வெட்டை எவ்வளவு சரியாகக் கணிக்கிறீர்கள் என்பதில்தான் மதிப்பு நிற்கிறது.

சரி, கெட்டது நடந்தால்? உங்கள் காப்புரிமை ஆவணத்தின் கடைசியில் எண் போட்டு எழுதியிருக்கும் 'உரிமைக் கோரல்கள்' பகுதியைப் படியுங்கள். சட்டம் காப்பது அதில் எழுதியதை மட்டும்தான். கொழுவும் அதன் பின்னால் ஆடும் கம்பிகளும் சேர்ந்த அமைப்பு என்று அதில் இருக்கிறது. யாராவது ஆடும் கம்பிக்குப் பதிலாகச் சுழலும் சல்லடை வைத்து அதே வேலையைச் செய்துவிட்டால் உங்களால் தடுப்பது கடினம். உங்களிடம் உரிமம் வாங்கிய கம்பெனியே அப்படி ஒரு புது மாடல் கொண்டுவரலாம். அப்படி 2029-லிருந்து வருடத்துக்கு 100 கருவிதான் விற்கிறது என்று வைத்து மறுபடி போட்டுப் பார்த்தேன். ராயல்டியின் இன்றைய மதிப்பு 8,28,000 வருகிறது. கட்டணம் போக 8 லட்சம்.

ஆக, கம்பெனி சொல்லும் 8 லட்சம் காற்றில் வந்த எண் அல்ல. நிலைமை கெட்டால் என்ன கிடைக்குமோ அதை உங்களுக்கு விலையாகச் சொல்கிறார்கள். நிலைமை கெடாவிட்டால் வரும் லாபம் முழுவதும் அவர்களுக்கு. அதுவும் உண்மையில் 8 லட்சம் இல்லை. 3 லட்சம் இன்று, இரண்டரை லட்சம் ஒரு வருடம் கழித்து, இன்னொரு இரண்டரை இரண்டு வருடம் கழித்து. இதே வட்டியில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் 7,06,000 ரூபாய்தான். கெட்ட காலக் கணக்கை விடவும் ஒரு லட்சம் குறைவு. இந்த விலைக்கு எழுதிக் கொடுக்காதீர்கள்.

ஆனால் கடன் கழுத்தை நெரிக்கும்போது, "எட்டு வருடம் பொறுங்கள்" என்று சொல்வது எளிது. இரண்டு ரூபாய் வட்டி என்றால் வருடத்துக்கு 24 சதவீதம். 4 லட்சத்துக்கு வட்டி மட்டும் 96,000 ரூபாய் போகிறது. உங்களுக்கு இன்று கிடைக்கும் பணத்தின் அருமை 15 சதவீதத்தில் இல்லை, 24-ல்தான் இருக்கிறது என்று ஒருவர் வாதாடலாம், நியாயமும் கூட. அந்த வட்டியில் போட்டாலும் ராயல்டி, கட்டணம் போக 8,17,000 வருகிறது. அவர்கள் தவணை 6,64,000 ஆகிவிடுகிறது. எந்த வட்டியில் பார்த்தாலும் இந்தத் தொகை குறைவுதான். அதோடு, தேவைப்படுவது 4 லட்சம் என்னும்போது தோப்பு முழுவதையும் ஏன் விற்க வேண்டும்?

கம்பெனியிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: 4 லட்சம் இப்போதே ஒரே தொகையாகக் கொடுத்துவிடுங்கள், அதற்குப் பதில் ராயல்டியை 4 சதவீதத்திலிருந்து இரண்டரை சதவீதமாகக் குறைத்துக்கொள்கிறேன். கட்டத்தில் உள்ள 10,76,300-ஐ நான்கால் வகுத்து இரண்டரையால் பெருக்கினால் 6,73,000. அதோடு கையில் வந்த 4 லட்சம் சேர்த்தால் 10,73,000. நீங்கள் இழப்பது ஏறக்குறைய ஒன்றுமில்லை. விற்பனை கெட்டாலும் 9,18,000 நிற்கும், ஏனென்றால் 4 லட்சம் ஏற்கனவே கைக்கு வந்துவிட்டது. வட்டிக்கடன் அன்றைக்கே தீரும். கம்பெனிக்கும் இது கசக்காது, ஒரு கருவிக்கு 1,000 கொடுத்த இடத்தில் இனி 625 கொடுத்தால் போதும்.

அவர்கள் மொத்தமாக வாங்கியே தீருவோம் என்றால், ஒரே தவணையில் 10 லட்சம் கேளுங்கள், ஒன்பதரைக்குக் கீழே இறங்க வேண்டாம். அப்படி விற்றால் இனிமேல் புதுப்பிப்புக் கட்டணம் அவர்கள் பாடு என்று எழுதிக்கொள்ளுங்கள். ஏன் இந்த வருடம் திடீரென்று வாங்க வருகிறார்கள் என்றும் விசாரியுங்கள். வேறு மாநிலத்துக்கு விற்பனையாளர் கிடைத்திருந்தாலோ, இஞ்சிக்கும் இதே கருவியைப் பழக்கியிருந்தாலோ, என் கட்டத்தில் உள்ள 260, 270 எல்லாம் பழைய எண் ஆகிவிடும். பட்டறையில் வேலை பார்க்கும் ஆட்கள் டீக்கடையில் சொல்லிவிடுவார்கள், இதற்கு வக்கீல் தேவையில்லை.

ராயல்டியைத் தொடர்வதானால் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: எத்தனை விற்றாலும் விற்காவிட்டாலும் வருடத்துக்குக் குறைந்தது இவ்வளவு தரவேண்டும். இரண்டரை சதவீதம் என்றால் 1,00,000 ரூபாய் கேட்கலாம். உரிமத்தை வாங்கி அலமாரியில் பூட்டிவைத்துவிட்டு தங்கள் புது மாடலை மட்டும் விற்கும் வேலை அப்போது நடக்காது. என்ன மாற்றம் செய்தாலும் வாய்ப்பேச்சு செல்லாது. எல்லா நிபந்தனையும் எழுத்தில், இருவர் கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்று பிரிவு 68 சொல்கிறது. அதைக் காப்புரிமை அலுவலகத்தின் பதிவேட்டிலும் ஏற்றிவிடுங்கள். ஏற்றாத பத்திரத்தை நீதிமன்றத்தில் ஆதாரமாகக் காட்டுவது கடினம்.

"2033-க்குப் பிறகும் ஐந்து வருடம் ராயல்டி தர வேண்டும் என்று எழுதிக்கொண்டால் என்ன?" என்று உங்கள் கடிதத்தின் பின்பக்கம் கேட்டிருந்தீர்கள். அமெரிக்காவில் விவசாயிகள் மேல் போடப்பட்ட வழக்கு ஒன்று இதற்கு நல்ல பதில். பீரில் கசப்புக்குப் போடும் ஹாப்ஸ் என்ற கொடிப்பயிர் வாஷிங்டன் மாநிலத்தில் அதிகம். அதைப் பறிக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வைத்திருந்த தைஸ் என்ற கம்பெனி, இயந்திரத்தை விற்றுவிட்டு, ஓட்டுவதற்குத் தனியாகப் பருவத்துக்குக் குறைந்தது 500 டாலர் ராயல்டி வாங்கியது. காய்ந்த ஹாப்ஸ் 200 பவுண்டுக்கு 3 டாலர் 33 சென்ட் வீதம் கணக்கிட்டு, அது 500-ஐத் தாண்டினால் அந்தத் தொகை. இயந்திரத்தில் இருந்த காப்புரிமைகள் எல்லாம் 1957-க்குள் முடிந்துபோயின. ஒப்பந்தம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. விவசாயிகள் கட்ட மறுத்தார்கள். 1964-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், உரிமை முடிந்த பிறகான காலத்துக்கு ராயல்டி கேட்க முடியாது என்று விவசாயிகள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நம் சட்டத்தில் வழி வேறு. பிரிவு 141-ன்படி, ஒப்பந்தம் போட்டபோது பொருளைக் காத்த காப்புரிமைகள் எல்லாம் முடிந்துவிட்டால், உரிமம் வாங்கியவர் மூன்று மாத நோட்டீஸ் கொடுத்து ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம், ஒப்பந்தத்தில் வேறு எப்படி எழுதியிருந்தாலும் சரி. ஆகவே 2033-க்குப் பிறகு என்று எழுதும் வரியை மூன்று மாதத்துக்கு மேல் நம்ப வேண்டாம். அதற்கு ஈடாக இன்றைக்கு எதையும் விட்டுக்கொடுக்கவும் வேண்டாம்.

மேலே போட்டதெல்லாம் வருமான வரிக்கு முந்தைய கணக்கு. ராயல்டி விவசாய வருமானம் ஆகாது, மஞ்சள் விற்ற பணம் போல வரியில்லாமல் போய்விடும் என்று நினைக்காதீர்கள். மொத்தமாக வாங்கினால் ஒரே வருடத்தில் பெரிய தொகை கணக்கில் ஏறும். கையெழுத்துப் போடுவதற்கு முன் இரண்டு வழிக்கும் வரி எவ்வளவு என்று ஓர் ஆடிட்டரிடம் கேட்டு, இந்தக் கட்டத்தின் பக்கத்திலேயே இன்னொரு பத்தியாக எழுதிக்கொள்ளுங்கள்.

இதைப் படித்துவிட்டு, "என்னிடமும் நல்ல மஞ்சள் ரகம் இருக்கிறது, காப்புரிமை வாங்கலாமா?" என்று கடிதம் வரும் என்று எனக்குத் தெரியும். செடிக்கும் விதைக்கும் சாகுபடி முறைக்கும் காப்புரிமைச் சட்டத்தில் இடமில்லை. ரகங்களுக்கு 2001-ல் வந்த பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம் தனியாக இருக்கிறது. அதன் காலக் கணக்கே வேறு, மரத்துக்கும் கொடிக்கும் 18 ஆண்டு, மற்ற பயிருக்கு 15 ஆண்டு. அதைப் பற்றிய கேள்விகளை அனுப்புகிறவர்கள் ரகத்தை எத்தனை வருடமாகப் பயிரிடுகிறீர்கள், வேறு யாரிடம் விதை கொடுத்திருக்கிறீர்கள் என்ற இரண்டையும் சேர்த்து எழுதுங்கள்.